நிறம் போன பிறகு எந்தக் கோடு யாருடையது?

பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக எழுத்தறிவு வளர்ச்சி பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாரித்திருந்தேன். அதன் நடுவில் எக்ஸெல் போட்டுத் தந்த கோட்டு வரைபடம் ஒன்று இருந்தது. மடிக்கணினித் திரையில் நீலம், ஆரஞ்சு, மஞ்சள் என்று ஐந்து கோடுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அலுவலகத்து லேசர் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து, தெருமுனைக் கடையில் அறுபது ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுபோனேன். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டாம் வரிசையிலிருந்த ஆசிரியை ஒருவர் கேட்டார்: “சார், இதுல தமிழ்நாடு எந்தக் கோடு?” தாளைப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. கீழே பெயர்ப்பட்டியல் இருந்தது. ஆனால் அதில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இருந்த சிறு கோடுகள் எல்லாமே ஒரே சாம்பலாக இருந்தன.

அந்தக் கேள்விக்குச் சரியான விடை தேடியதில் எனக்குப் புரிந்தது இது. வண்ண வரைபடத்தில் நிறம் செய்யும் முதல் வேலை அழகல்ல, பெயர் சொல்வது. “இது கேரளம், அது கர்நாடகம்” என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சி நிறம்தான். அச்சில் அது போய்விட்டால் அந்த வேலையை வேறு எதற்காவது கொடுத்தாக வேண்டும். சாம்பலின் சாயல்களிடமே அதைக் கொடுக்கலாமா, கோட்டின் வடிவத்திடமா, நிரப்பும் கோலங்களிடமா, நேராக எழுத்திடமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எந்தத் தரவு என்று சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எழுத்தறிவு பெற்றோரின் விழுக்காடு, முழு எண்ணாக:

| | 1991 | 2001 | 2011 |
|---|---|---|---|
| கேரளம் | 90 | 91 | 94 |
| தமிழ்நாடு | 63 | 73 | 80 |
| கர்நாடகம் | 56 | 67 | 75 |
| ஆந்திரம் (பிரியாதது) | 44 | 60 | 67 |
| இந்தியா | 52 | 65 | 73 |

வண்ணம் சாம்பலாக மாறும்போது நடப்பதை ஒரு பெருக்கல் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். திரையின் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களின் கலவை. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் தெரிவதால், சாம்பலாக்கும்போது பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114 என்று எடை கொடுத்துக் கூட்டுவது நெடுநாள் வழக்கம். வரும் விடை 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் தாளின் வெள்ளை. A2 கட்டத்தை Text வடிவத்துக்கு மாற்றி, அதில் நிறத்தின் ஆறு இலக்கக் குறியீட்டை எழுதிவிட்டால் எக்ஸெலே இதைக் கணக்கிடும்:

```
=0.299*HEX2DEC(MID(A2,1,2))
+0.587*HEX2DEC(MID(A2,3,2))
+0.114*HEX2DEC(MID(A2,5,2))
```

ஒவ்வொரு பிரிண்டரும் தனக்கென்று சற்று வேறான கணக்கு வைத்திருக்கும். ஆனாலும் எந்த இரண்டு நிறங்கள் மோதிக்கொள்ளும் என்று முன்கூட்டியே அறிய இது போதும்.

பல ஆண்டுகளாக எக்ஸெல் தானாகக் கொடுத்துவந்த ஆறு நிறங்களை இதில் போட்டுப் பாருங்கள். முதல் நீலம் 4472C4 110 ஆகிறது. ஆரஞ்சு ED7D31 150. சாம்பல் A5A5A5 165. மஞ்சள் FFC000 189. வெளிர்நீலம் 5B9BD5 142. பச்சை 70AD47 143. வெளிர்நீலமும் பச்சையும் அச்சில் ஒரே நிறம். ஆரஞ்சு அவற்றிலிருந்து ஏழெட்டுப் படிதான் தள்ளி நிற்கிறது. என் வரைபடத்தில் தமிழ்நாடு ஆரஞ்சிலும் இந்தியா வெளிர்நீலத்திலும் இருந்தன. ஆசிரியை கேட்ட கேள்விக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இது எக்ஸெலுக்கு மட்டுமான குறையல்ல. கூகுள் ஷீட்ஸின் நீலம், சிவப்பு, பச்சை (4285F4, EA4335, 34A853) மூன்றும் 126, 115, 124 என்று ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. மஞ்சள் ஒன்றுதான் 186க்குத் தனியாகப் போகிறது. லிப்ரே ஆபீஸ் கால்க் இதில் மேல்: அடர்நீலம் 004586, செம்மை FF420E, மஞ்சள் FFD320 மூன்றும் 56, 117, 204 என்று நல்ல இடைவெளியில் நிற்கின்றன. நான்காவதாக வரும் பச்சை 579D1C 121 ஆகி, செம்மையோடு கலந்துவிடுகிறது. எக்ஸெலின் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் முதல் நிறமான 156082உம் மூன்றாவதான 196B24உம் 77, 74 என்று அருகருகே விழுகின்றன. திரைக்காகத் தேர்ந்த நிறங்கள் பளிச்சென்று இருக்க வேண்டும். எல்லாமே நடுத்தர வெளிச்சத்தில் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றை அமுக்காது. திரையில் நன்மையாக இருக்கும் அதே சமநிலை சாம்பலில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

அப்படியானால் சாம்பல் சாயல்களையே ஒழுங்காகப் பிரித்து வைத்தால் போதாதா? எக்ஸெலில் Page Layout பகுதியின் Colors பட்டியலில் Grayscale என்று ஆயத்தத் தொகுப்பே இருக்கிறது. பலர் முதலில் அதைத்தான் தொடுவார்கள். அதன் ஆறு சாயல்களும் 221, 178, 150, 128, 95, 77 என்ற அளவில் உள்ளவை. முதல் தொடருக்குக் கிடைப்பது 221. வெள்ளைத் தாளில் அது கிட்டத்தட்ட இல்லாத கோடு. பட்டியலில் முதலில் வைத்த முக்கியமான தொடர்தான் முதலில் மறையும்.

அதைவிட ஆழமான தடை ஒன்றும் உண்டு. பிரெஞ்சு வரைபடவியலாளர் ஜாக் பெர்தான் 1967இல் வெளியிட்ட நூலில், நிறத்தையும் ஒளிர்வையும் இரண்டு வெவ்வேறு கருவிகளாகப் பிரித்தார். சிவப்பும் பச்சையும் நீலமும் “வேறு வேறு” என்று மட்டுமே சொல்லும். அவற்றுக்குள் முன்பின் கிடையாது. ஒளிர்வு அப்படியல்ல. வெளிறியது, நடுத்தரம், அடர்ந்தது என்று கண் தானாகவே அவற்றை வரிசைப்படுத்திவிடும். கேரளத்தை அடர்ந்த சாம்பலிலும் கர்நாடகத்தை வெளிறிய சாம்பலிலும் போட்டால், நாம் நினைத்திராத ஏற்றத்தாழ்வு ஒன்றைத் தாள் சொல்லத் தொடங்கும். வயது வகுப்பு, வருமான அடுக்கு, ஆண்டு வரிசை போன்ற இயல்பிலேயே வரிசையுள்ள தரவுகளுக்குச் சாம்பல் ஏணி மிகப் பொருத்தம். மாநிலங்களின் பெயர்களுக்குப் பொருந்தாது.

இன்னொரு சிக்கல் கண்ணிலேயே இருக்கிறது. ஒரே சாம்பல், கறுப்புக்குப் பக்கத்தில் வெளிறியும் வெள்ளைக்குப் பக்கத்தில் அடர்ந்தும் தெரியும். வரைபடத்தின் நடுவில் இருக்கும் பட்டையையும், கீழே வெள்ளைத் தாளில் தனியாக நிற்கும் பெயர்ப்பட்டியலின் சிறு சதுரத்தையும் ஒப்பிடச் சொல்லும்போது, ஒரே சாம்பல் இரண்டாகத் தெரிய வாய்ப்பு அதிகம். எனவே ஜெராக்ஸ் வரை போகப்போகும் தாளில் மூன்று சாயலுக்கு மேல் நான் நம்புவதில்லை. நான்காவது தேவைப்பட்டால் அதை வெள்ளையாக விட்டுக் கறுப்பு ஓரக்கோடு போடுவேன்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் நிறத்தொகுப்புகளில் photocopy safe என்று ஒரு வடிகட்டியே இருக்கிறது. நடுவில் வெளிறி இரு முனையிலும் அடரும் தொகுப்புகளை அது ஏற்பதில்லை. இரு முனைகளும் அச்சில் ஒரே சாம்பலாகிவிடும் என்பதே காரணம். எக்ஸெலில் மதிப்பெண் பட்டியல்களுக்கு நாம் சாதாரணமாகப் போடும் சிவப்பு, மஞ்சள், பச்சை வண்ண ஏணியை இதே கணக்கில் போட்டேன். சிவப்பு F8696B 148. பச்சை 63BE7B 155. நடுவில் இருக்கும் மஞ்சள் 229. ஆகக் குறைந்த மதிப்பெண்ணும் ஆக அதிக மதிப்பெண்ணும் அச்சில் ஒரே சாம்பல். நடுத்தரம் மட்டும் வெளுத்திருக்கும். தோற்றவரும் முதலிடமும் ஒன்றாகத் தெரியும் ஒரு தாளை விநியோகிப்பது, தாளே கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். அந்த இடத்தில் வெள்ளையிலிருந்து ஒரே நிறத்துக்குப் போகும் இரண்டு நிற ஏணிதான் வேண்டும்.

சாம்பல் தாளில் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குறுக்குக் கோடுகளும் எழுத்தும் கெடுவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் இருப்பது கறுப்பு டோனர் மட்டும். அதற்குச் சாம்பல் தெரியாது. கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துச் சாம்பல் போலக் காட்டுகிறது. அச்சகத்தார் இதை ஹாஃப்டோன் என்பார்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் பிரிண்டர், அங்குலத்துக்கு நூறு வரிசை என்ற கணக்கில் ஹாஃப்டோன் போட்டால், ஒவ்வொரு சாம்பல் கட்டமும் ஆறு புள்ளி அகலம். அகன்ற பட்டைக்கு இது போதுமானது. மெல்லிய கோட்டுக்குப் போதாது.

எக்ஸெலின் வழக்கமான குறுக்குக் கோடு 0.75 பாயிண்ட் தடிப்பு, நிறம் D9D9D9. ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, ஆக 0.75 பாயிண்ட் கோடு 600 புள்ளிப் பிரிண்டரில் சுமார் ஆறு புள்ளி அகலம். அதாவது அந்தக் கோட்டின் முழு அகலமும் ஒரே ஒரு ஹாஃப்டோன் கட்டம். அதில் கறுப்பு ஏறுவது ஏறத்தாழ 15 விழுக்காடு. எனவே தாளில் வருவது கோடு அல்ல, தூரத்தில் தூவிய பொட்டுகளின் வரிசை. அதை ஜெராக்ஸ் போட்டால் சில பொட்டுகள் விழும், சில விழாது. குறுக்குக் கோடு கிழிந்த நூல்போல் ஆங்காங்கே நிற்கும்.

இங்கே நம் உள்ளுணர்வு தவறான பக்கம் இழுக்கிறது. குறுக்குக் கோடு பின்னணியில் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று அதை வெளிற வைக்கிறோம். அச்சில் ஒதுங்க வைக்க வேண்டுமானால் வெளிற வைக்காதீர்கள், மெலிய வையுங்கள். 0.25 பாயிண்ட் முழுக் கறுப்புக் கோடு இரண்டு புள்ளி அகலத்தில், உடையாமல், கூர்மையாக விழும். ஹாஃப்டோன் அதில் தலையிடவே முடியாது. தொலைவிலிருந்து பார்த்தால் அது சாம்பல் போலவே தெரியும், பிரதி எடுத்தாலும் நிற்கும். பிரதியின் பிரதி வரை போகும் என்று தெரிந்தால் 0.5 பாயிண்ட் வையுங்கள். கூடவே எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்துப் பத்தாக ஏழு கோடு இருக்கும் இடத்தில், Format Axis பலகத்தில் Major என்பதை 20 ஆக்கினால் நான்கு கோடு போதும். செங்குத்துக் கோடுகள் இந்த வரைபடத்துக்குத் தேவையே இல்லை.

எழுத்துக்கும் இதே விதி. எக்ஸெல் அச்சு எண்களையும் பெயர்களையும் 9 பாயிண்ட் அளவில் 595959 என்ற சாம்பலில் எழுதுகிறது. ஆங்கில எழுத்து அதில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். தமிழ் தாக்குப்பிடிக்காது. ஹாஃப்டோனில் விளிம்பு கரடாகும்போது முதலில் போவது புள்ளி. “க்” என்பது “க” ஆகிறது. சுழிகளின் உள்வெளி அடைபட்டு “ன”வும் “ண”வும் ஒன்றுபோல் ஆகின்றன. வரைபடத்தின் ஓரத்தைச் சொடுக்கி முழு வரைபடத்தையும் தேர்ந்துகொண்டு, Home பகுதியில் எழுத்து நிறத்தை ஒரே தடவையில் முழுக் கறுப்பாக்குங்கள். Automatic என்பதை விடவும் பட்டியலில் உள்ள கறுப்புக் கட்டத்தையே தேர்வது நல்லது. அளவு 10க்குக் குறைய வேண்டாம். பிரிண்டரில் டோனர் சிக்கன முறை போட்டிருந்தால் இந்த உழைப்பு முழுக்க வீணாகும். அதை அணைத்துவிட்டு அச்செடுங்கள்.

ஜெராக்ஸ் எந்திரத்தில் எழுத்துக்கு ஒரு முறையும் படத்துக்கு ஒரு முறையும் உண்டு. கடைக்காரர் வழக்கமாக எழுத்து முறையில்தான் வைத்திருப்பார். அந்த முறை எழுத்தைத் தெளிவாக்குவதற்காக வெளிறியதை வெள்ளைக்கும் அடர்ந்ததைக் கறுப்புக்கும் தள்ளும். ஆகவே நம் சாம்பல் ஏணியின் இரண்டு முனைகளும் அங்கே சுருங்கும்: 221 காணாமல் போகும், 77உம் 95உம் கறுப்பாகி ஒன்று சேரும். படமும் எழுத்தும் கலந்த முறையில் வைக்கச் சொல்லிக் கேட்டால் ஓரளவு காப்பாற்றலாம். ஆனால் தாள் எந்தக் கடைக்குப் போகும் என்பது எப்போதும் நம் கையில் இருக்காது.

நிரப்பும் கோலங்கள் பற்றி ஒரு வார்த்தை. சாய்கோடு, குறுக்குக்கட்டம், புள்ளி என்று பட்டைகளை நிரப்புவது கணினிக்கு முந்தைய வழக்கம். எக்ஸெல் 2007இல் இந்த வசதி மெனுவிலிருந்து நீக்கப்பட்டு, பயனர்கள் கேட்டதால் 2010இல் திரும்ப வந்தது. இப்போது Pattern fill பகுதியில் 48 கோலங்கள் இருக்கின்றன. எட்வர்ட் டஃப்டி 1983இல் வெளியிட்ட தன் நூலில் இந்தக் கோடுகள் கண்ணுக்கு முன் நடுங்குவதைக் கடுமையாகக் கண்டித்தார். அடுத்தடுத்து இரண்டு சாய்கோட்டுப் பட்டைகளை வைத்துப் பார்த்தவருக்கு அந்தக் கண்டனம் நியாயம் என்று தெரியும். அது போதாதென்று, நெருக்கமான கோலம் ஜெராக்ஸின் ஸ்கேன் வரிசைகளோடு மோதித் தரவில் இல்லாத அலைகளையும் கிளப்பும். என் முடிவு: ஒரு வரைபடத்தில் ஒரே ஒரு கோலம், அதுவும் அகலமான சாய்கோடு, மதிப்பீடு அல்லது உத்தேசக் கணக்கு என்ற வேறுபட்ட தன்மையைச் சொல்ல மட்டும். ஐந்து மாநிலத்துக்கு ஐந்து கோலம் வேண்டாம்.

கோட்டு வரைபடத்தில் கோட்டின் வகை இதே பாத்திரத்தில் வருகிறது. முழுக் கோடு, வெட்டுக்கோடு, புள்ளிக்கோடு ஆகிய மூன்றும் பிரித்தறியக் கூடியவை. நான்காவதாக வெட்டும் புள்ளியும் மாறிமாறி வரும் கோட்டைப் போட்டால், வாசகர் அதை இரண்டாவதா நான்காவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். தரவு ஏறி இறங்கிக் கொண்டே இருந்தால், வெட்டின் இடைவெளி தரவு இல்லாத இடம்போலவும் தோன்றும். சதுரம், வட்டம், முக்கோணம் என்று புள்ளிக்கு அடையாளம் போடுவது கோடுகள் விலகி இருக்கும்போது உதவும், நெருங்கிவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எல்லாம் கரும்பொட்டாகிவிடும். மேலும், கோட்டு வகையும் அடையாளமும் இருந்தாலும் வாசகர் பெயர்ப்பட்டியலுக்குப் போய்த் திரும்ப வேண்டியதுதான். அந்தப் போக்குவரத்தை ஒழிப்பதே உண்மையான தீர்வு.

அதாவது பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதிவிடுவது. பொதுவான அளவுகோலில் ஒரு புள்ளியின் இடத்தைப் பார்த்து மதிப்பை அறிவதே மனிதருக்கு மிகத் துல்லியமாக வருவது என்றும், நிறச்செறிவை வைத்து அறிவது கடைநிலை என்றும் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் எழுதினார்கள். இடம் அளவைச் சொல்லட்டும், எழுத்து பெயரைச் சொல்லட்டும். இரண்டும் டோனரிலும் ஜெராக்ஸிலும் தப்பிப் பிழைப்பவை. சாம்பலிடம் மிச்சமிருப்பது ஒரே வேலை, எது முக்கியம் என்று காட்டுவது. அதைக்கூடக் கோட்டின் தடிப்பு செய்துவிடும்.

என் எழுத்தறிவு வரைபடத்தை இந்த வழியில் திரும்பப் போட்டேன். முதலில் அது என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். 1991இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 27 புள்ளி இடைவெளி; 2011இல் 14. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டின் கோடு தனியாகத் தெரிந்தால்தான் இது கண்ணில் படும். மற்ற நான்கும் அதற்கு ஒப்பீடு.

தரவுக் கட்டத்தின் இடது மேல் மூலையை வெற்றாக விட்டேன். அங்கே ஏதாவது எழுதி, ஆண்டுகளும் எண்களாக இருந்தால், எக்ஸெல் ஆண்டு வரிசையையே ஒரு தொடர் என்று எடுத்துக்கொண்டு 2000 உயரத்தில் ஒரு கோடு போட்டுவிடும். கோட்டு வரைபடத்தைச் செருகி, Switch Row/Column அழுத்தி மாநிலங்களைத் தொடர்களாக்கியதும் நேர் அச்சின் அளவை 40 முதல் 100 வரை வைத்தேன். கோட்டு வரைபடத்தில் அளவுகோல் சுழியிலிருந்து தொடங்காமல் இருக்கலாம். பட்டை வரைபடத்தில் கூடாது, ஏனென்றால் அங்கே நாம் பார்ப்பது பட்டையின் நீளத்தை. கிடை அச்சில் Axis position என்பதை On tick marks ஆக்கினேன். கோடுகள் இரண்டு ஓரங்களையும் தொட்டன. பிறகு வரையும் பகுதியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே இழுத்துப் பெயர்களுக்கு இடம் விட்டேன். உயரம் 6 செ.மீ. வந்தது. ஆக 60 புள்ளிக்கு 60 மி.மீ., ஒரு விழுக்காட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கு எதற்கென்றால், பெயரை வலது முனையில் எழுதுவதா இடது முனையிலா என்று தீர்மானிக்க. வழக்கமாக வலது முனைதான் எல்லோரும் சொல்வது. ஆனால் 2011இல் கர்நாடகம் 75, இந்தியா 73. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. 10 பாயிண்ட் எழுத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் உயரம் வேண்டும். இரண்டு பெயரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். இடது முனையிலோ 90, 63, 56, 52, 44. மிகக் குறைந்த இடைவெளியே நான்கு மில்லிமீட்டர். ஐந்து பெயரும் வசதியாக உட்கார்ந்தன. உங்கள் தரவில் இது தலைகீழாக இருக்கலாம். எந்த முனையில் கோடுகள் விரிந்திருக்கின்றனவோ அங்கே பெயர் போடுங்கள்.

செய்முறை எளிது. கோட்டின் மேல் ஒரு சொடுக்கு, முதல் புள்ளியின் மேல் இன்னொரு சொடுக்கு. அந்தப் புள்ளி மட்டும் தேர்வாகும். வலது சொடுக்கில் Add Data Label. பிறகு Format Data Labels பலகத்தில் Series Name, Value இரண்டையும் தேர்ந்து, Separator என்பதில் வெற்றிடம், Label Position என்பதில் Left. “தமிழ்நாடு 63” என்று கோட்டின் தலையில் வந்து நிற்கும். கடைசிப் புள்ளிக்கு Value மட்டும், Right. 75உம் 73உம் சற்று மோதின; ஒன்றைச் சுட்டியால் மேலேயும் மற்றதைக் கீழேயும் சிறிதளவு நகர்த்தினேன். இரண்டு முனையிலும் எண் இருப்பதால் நேர் அச்சின் எண்கள் தேவையற்றுப் போயின. அவற்றை Label Position என்பதில் None ஆக்கினேன், கீழே இருந்த பெயர்ப்பட்டியலையும் நீக்கினேன். எண் இல்லாமல் குறுக்குக் கோடு நின்றால் அது எந்த உயரம் என்று தெரியாது என்பதால், அந்த நான்கையும் எடுத்துவிட்டு ஆண்டுகளைத் தாங்கும் அடிக்கோட்டை மட்டும் வைத்தேன். மாதாமாதம் ஐம்பது அறுபது புள்ளி வரும் தொடரில் இதைச் செய்ய முடியாது. அங்கே மேலே சொன்ன 0.25 பாயிண்ட் கறுப்புக் கோடுகளும் அச்சு எண்களும் இருந்தே தீர வேண்டும்.

இனி கோடுகள். தமிழ்நாடு 3 பாயிண்ட், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் 1.25 பாயிண்ட் முழுக் கறுப்பு. இந்தியா மட்டும் 1.25 பாயிண்ட் வெட்டுக்கோடு. அது மாநிலமல்ல, சராசரி என்பதால் வேறுபாடு பொருளோடு சேர்ந்தது. கர்நாடகமும் இந்தியாவும் இருபது ஆண்டும் ஒட்டி ஓடுகின்றன. இரண்டும் ஒரே வகைக் கோடாக இருந்திருந்தால் நடுவில் எது எது என்று கண் தடுமாறியிருக்கும். வெட்டு அதைத் தீர்த்தது. திரையில் பார்ப்பவர்களுக்காகத் தமிழ்நாட்டுக்கு மட்டும் அடர்சிவப்பு 8B1A1A கொடுத்தேன். அதன் சாம்பல் 60. மூன்று பாயிண்ட் தடிப்புள்ள கோட்டில் ஹாஃப்டோனின் கரடு தெரியவில்லை. அதே கோப்பு மின்னஞ்சலில் வண்ணமாகவும் தாளில் கறுப்பாகவும் ஒரே செய்தியைச் சொன்னது.

செய்து முடித்ததைச் சேமிக்க வலது சொடுக்கில் Save as Template போதும். அடுத்த வரைபடத்துக்கு Change Chart Type பெட்டியில் Templates பகுதியிலிருந்து எடுக்கலாம். கோட்டின் தடிப்பும் நிறமும் எழுத்தும் வந்துவிடும். தனிப் புள்ளிகளின் பெயர்களை மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், புதிய தரவில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறினால் அவை தவறான இடத்தில் நிற்கும்.

பட்டை வரைபடத்தில் கதை சற்று வேறு. அங்கே பரப்பு இருப்பதால் சாம்பல் நன்றாகவே விழும். மூன்று தொடர் வரை நான் வைத்திருக்கும் தொகுப்பு: அடர்நீலம் 1F3A5F, செங்கல் நிறம் C8553D, மஞ்சள் F2C14E. சாம்பலில் 54, 117, 195. Customize Colors பெட்டியில் Accent 1, 2, 3 என்ற இடங்களில் இவற்றைப் போட்டுப் பெயரிட்டுச் சேமித்தால் அந்தக் கோப்பின் எல்லா வரைபடங்களும் இதற்கு மாறும். கையால் தனி நிறம் கொடுத்தவை மட்டும் மாறாது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய பட்டைகளில் அடுக்குகளுக்கிடையே 1.5 பாயிண்ட் வெள்ளைக் கோடு விட வேண்டும். சாம்பல்கள் நெருங்கினாலும் எல்லை தெரியும். மஞ்சள் பட்டைக்குக் கறுப்பு ஓரக்கோடு வேண்டும், இல்லையென்றால் ஜெராக்ஸில் அதன் உச்சி எங்கே என்று தெரியாது. வட்ட வரைபடத்தில் மூன்று துண்டுக்கு மேல் வந்தால் அதைப் பட்டையாக்கிவிடுவதுதான் வழி.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. பன்னிரண்டு கோடுகள் பின்னிக் கிடக்கும் வரைபடத்தில் முனையில் பெயர் எழுதியும் பயனில்லை, நடுவில் கோடு தொலைந்துவிடும். அதை ஒரே அளவுகோலுள்ள சிறு சிறு வரைபடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டைத் தடித்தும் மற்றவற்றை மெலித்தும் காட்ட வேண்டும். எக்ஸெலில் இது கைவேலை, நேரம் பிடிக்கும். அளவுகோல் தானாக மாறிவிடாதபடி ஒவ்வொன்றிலும் Minimum, Maximum இரண்டையும் எண்ணாகத் தட்டிவைப்பதை மறந்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

சோதிக்க முதலில் திரையே போதும். வரைபடத்தை நகலெடுத்துப் படமாக ஒட்டி, Picture Format பகுதியின் Color பட்டியலில் Grayscale தேர்ந்தால் நிறங்களின் மோதல் உடனே தெரியும். எக்ஸெலின் Page Setup பெட்டியில் உள்ள Black and white தேர்வை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது கட்டங்களின் நிறத்தை வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்கும், நாம் பார்க்க விரும்பும் சாம்பலைக் காட்டாது. ஆனால் படச் சோதனைக்கு ஹாஃப்டோன் தெரியாது. குறுக்குக் கோடு உடைகிறதா, புள்ளி விழுகிறதா என்பதற்குத் தாள்தான் சாட்சி. ஒரு பிரதி அச்செடுத்து, அதை ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை இன்னொருமுறை ஜெராக்ஸ் போடச் சொல்கிறேன். மூன்றாவது தாளைத் தரவைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து ஒரே கேள்வி கேட்கிறேன்: தமிழ்நாடு எந்தக் கோடு? புதிய வரைபடத்தின் மூன்றாவது தாளை வகுப்புக்கு வந்திராத ஆசிரியர் ஒருவரிடம் நீட்டினேன். கேள்வியை முடிக்கும் முன்பே அவர் விரல் தடித்த கோட்டின் மேல் இருந்தது. “கேரளத்தோட பாதி தூரம் நெருங்கிட்டோமே சார்” என்றார்.